வெள்ளி விழா விருந்தில் கணவர் பேசும் நன்றியுரை

கல்யாணத்தன்று சொல்ல வேண்டியதையெல்லாம் புரோகிதரே சொல்லிவிடுகிறார். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதுக்கும் திருக்கடையூர் இருக்கிறது. கலசம், ஹோமம், மாங்கல்யதாரணம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே வகுத்து வைத்த முறை உண்டு. 25-ஆம் ஆண்டு நிறைவுக்கு அப்படியொரு முறை நம்மிடம் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் காலையில் ஆலயத்தில் நன்றி வழிபாடு நடக்கும். மற்றவர்கள் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வருவார்கள். மாலையில் ஒரு மினி ஹாலில் மாலை மாற்றி, கேக் வெட்டி, சாப்பாடு. நடுவில் யாராவது ஒருவர் மைக்கைக் கொண்டுவந்து கணவர் கையில் திணித்து, “ரெண்டு வார்த்தை பேசுங்க” என்பார். “எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றி, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்று சொல்லி அவரும் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு அந்த இரண்டு வார்த்தையில் இடமே கிடைத்திருக்காது.

சடங்கு இல்லாத விழாவில் சடங்கு செய்ய வேண்டிய வேலையைப் பேச்சுதான் செய்ய வேண்டும். இந்த அத்தியாயம் ஐந்து நிமிட நன்றியுரை ஒன்றைத் தயார் செய்யும் விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறது. விளக்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். வீடு வெங்கடாபுரத்தில். 2000-இல் கல்யாணம். மனைவி வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். ஒரு மகள், ஒரு மகன். கணவரின் பெற்றோர் காலமாகிவிட்டார்கள். மனைவியின் பெற்றோர் இருக்கிறார்கள். 2025-இல் நடக்கும் விருந்துக்கு 80 பேர் வருகிறார்கள்.

முதல் வேலை: பீரோவைத் திறப்பது

பேச்சு எழுத உட்காரும் கணவர்களுக்கு முதலில் வருவது குணப்பெயர்கள்தான்: பொறுமைசாலி, தியாகி, குடும்ப விளக்கு. அந்தச் சொற்கள் எல்லா மனைவிகளுக்கும் பொருந்தும் என்பதால் எந்த மனைவியின் காதிலும் தங்குவதில்லை. உங்களுக்கு வேண்டியது அவர் செய்த காரியங்கள். 25 வருடத்துக் காரியங்களை நினைவிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. விருந்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்யுங்கள். கல்யாண ஆல்பம், பழைய பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் ஃபீஸ் ரசீதுகள், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, நகை அடகுச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து, “இந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது, அப்போது இவள் என்ன செய்தாள்?” என்று கேட்டு, ஒரு நோட்டில் வருடத்தோடு ஒரு வரி எழுதுங்கள்.

பாஸ்புக்கில் சம்பளம் குறைந்த மாதங்கள் நிறையப் பேசும். நம் கணவரின் பாஸ்புக்கில் 2012-இல் வரவு இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த வருடம் அது. பட்டறைகளில் ஓவர்டைம் நின்றது, ஷிப்டைக் குறைத்தார்கள். ஆனால் அதே வருடத்து ஃபீஸ் ரசீதுகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதுதான் மனைவி ராத்திரி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வருகிறது. ஒரு தாளும் இன்னொரு தாளும் ஒட்டாத இடத்தில்தான் மனைவியின் உழைப்பு இருக்கும். அந்த இடங்களைத் தேடுங்கள்.

நோட்டில் பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்ததும் மூன்றை மட்டும் எடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒன்று, ஒரு நெருக்கடியில் அவர் செய்தது. இரண்டு, வருடக்கணக்கில் சுமந்த ஒரு பொறுப்பு. மூன்று, தினமும் செய்த ஒரு சின்ன வேலை. நெருக்கடியை மட்டும் சொன்னால் அந்த ஒரு நாளுக்குத்தான் நன்றி என்று ஆகிவிடும். தினசரி வேலையை மட்டும் சொன்னால் சமையலைப் பாராட்டியதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்றும் சேரும்போது 25 வருடமும் ஓரளவு உள்ளே வந்துவிடுகிறது.

இரண்டாவது வேலை: மனைவியிடம் கேட்பது

பேச்சு முழுவதையும் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். விருந்தன்று அவர் அதைப் புதிதாகக் கேட்கட்டும். ஆனால் எந்தச் சம்பவத்தைச் சொல்லப் போகிறீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டே தீர வேண்டும். சபையில் சொல்லப்படுவது அவருடைய வாழ்க்கை. யார் காதில் எது விழலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்குத்தான்.

நம் கணவர் முதலில் எழுதி வைத்திருந்தது வளையல் கதை. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணம் போதாதபோது, மனைவி தன் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அடகு வைத்தது, வட்டி ஏறி மீட்க முடியாமலே போய்விட்டது. கணவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறெதுவும் தோன்றவில்லை. கேட்டபோது மனைவி ஒரே வார்த்தையில் மறுத்தார்: “வேண்டாங்க.” அது அவருடைய அம்மா தன் கையிலிருந்து கழற்றிப் போட்ட வளையல். போய்விட்டது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். கணவர் நல்லெண்ணத்தோடு சொல்லும் வார்த்தை அந்தத் தாயின் முகத்தை வாட வைத்திருக்கும். மீதி விழா முழுக்க மனைவி தன் அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார். வளையலை எடுத்துவிட்டு 2012-இன் தையலை அந்த இடத்தில் வைத்தார் கணவர். பணக்கஷ்டத்தில் மனைவி கைகொடுத்தது என்ற விஷயம் அப்படியே நின்றது, யாருக்கும் புண்படவும் இல்லை.

இப்படிக் கேட்கும்போது நான்கு விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும்: நகையும் கடனும், கர்ப்பமும் பிரசவமும், இரு வீட்டாருக்கும் இடையே நடந்த மனஸ்தாபம், படுக்கையில் இருந்த பெரியவர்களுக்குச் செய்த பணிவிடையின் விவரங்கள். கடைசியாகச் சொன்னதில் மனைவி சம்மதித்தாலும் நீங்கள் அளவோடு நிறுத்துங்கள். இறந்துபோன உங்கள் அம்மாவின் மரியாதையும் அதில் இருக்கிறது.

மூன்றாவது வேலை: யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில்

குடும்ப விழாக்களில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் பேர் விட்டுப்போவதால்தான். அதைத் தவிர்க்கப் பலர் எல்லாப் பேரையும் அடுக்குகிறார்கள். பட்டியல் நீளமாகும்போது ஒருவர் விட்டுப்போவது நிச்சயம். அந்த ஒருவருக்கு வலியும் அதிகம். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஓர் உதவியோடு சேர்த்துச் சொல்ல முடிந்தவர்களை மட்டும் தனியாகச் சொல்லுங்கள். மற்றவர்களைக் கூட்டாகச் சொல்லுங்கள்: “சித்தப்பா, பெரியப்பா வீட்டுக்காரங்க எல்லாரும்”, “எங்க ஷாப் நண்பர்கள் எல்லாரும்”. காரணத்தோடு நான்கு பேரைச் சொன்னால் ஐந்தாமவர் கோபித்துக்கொள்வதில்லை. காரணமில்லாமல் பதினைந்து பேரைச் சொன்னால் பதினாறாமவர் கோபித்துக்கொள்வார்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வந்தவர்களுக்கு இரண்டு வரி. அடுத்து மனைவியின் பெற்றோர். மகளைக் கொடுத்தவர்களுக்குச் சபையில் முதல் மரியாதை. பிறகு உங்கள் பெற்றோர். காலமாகியிருந்தால் ஒரே வரி, அதற்கு மேல் நீட்டினால் சபை துக்கத்தில் இறங்கிவிடும். அப்புறம் இரு பக்கத்து உடன்பிறந்தவர்களில் தலா ஒருவர். உங்கள் தங்கையைச் சொல்லிவிட்டு மனைவியின் அண்ணனை விட்டால் அது தற்செயல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இவையெல்லாம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மனைவி கடைசியில், மூன்று நிமிடம் முழுக்க அவருக்கு. அவருக்குச் சொல்லி முடித்த பிறகு சமையல்காரருக்கும் வீடியோக்காரருக்கும் நன்றி சொல்லத் திரும்பாதீர்கள். அந்த நன்றியை மகனோ மகளோ பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மாதிரி உரை

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொற்கள் போகும். நிறுத்தங்களோடு ஐந்து நிமிடத்துக்கு 350 முதல் 400 சொற்கள் போதும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். ஏட்டுத் தமிழில் எழுதி மேடையில் பேச்சுத் தமிழுக்கு மாற்றப் பார்த்தால் வாக்கியம் நடுவில் உடையும்.

“எல்லாருக்கும் வணக்கம். ஆவடியில இருந்தும் பூந்தமல்லியில இருந்தும் வேலை முடிச்சு, டிராஃபிக்ல நின்னு வந்திருக்கீங்க. ஊர்ல இருந்து காலையிலயே ரயில் ஏறினவங்களும் இருக்கீங்க. எங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம்.

மாமா, அத்தை. நான் பொண்ணு பார்க்க வந்தப்ப எனக்கு வேலை நிரந்தரம் ஆகல. அதை மறைக்காம சொன்னேன். ‘உழைக்கிற பையன், அது போதும்’னு மாமா சொன்னாங்க. அந்த நம்பிக்கைக்கு இன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்க ரெண்டு பேரையும் கும்பிட்டுக்கறேன். எங்க அப்பா அம்மா இருந்திருந்தா இந்த முதல் வரிசையில உங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க.

எங்கம்மா படுத்திருந்தப்ப என் தங்கச்சி ஞாயித்துக்கிழமை தவறாம திருவள்ளூர்ல இருந்து வந்து, அவ அண்ணியை அன்னிக்கு ஒருநாளாவது ஓய்வெடுக்க வெச்சா. பொண்ணைக் காலேஜ்ல சேர்க்க அலைஞ்சப்ப எனக்கு லீவு கிடைக்கல. மச்சான்தான் லீவு போட்டுக் கூடவே இருந்தார். ரெண்டு பேரையும் மறக்க மாட்டேன்.

இப்ப உன்கிட்ட பேசறேன்.

எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்னா ஆறு மணிக்கு கேட்ல இருக்கணும். நீ நாலரைக்கு எழுந்திருப்ப. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள டிபன் பாக்ஸ் கட்டியிருக்கும். சாதம் தனி, சாம்பார் தனி. கலந்து வெச்சா ஷாப் சூட்டுல கெட்டுப்போயிடும்னு ஒருநாள்கூட நீ கலந்து வெச்சதில்ல. நல்லா இருந்துச்சுன்னு நான் வந்து சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன், எல்லா நாளும் நல்லா இருந்துச்சு.

2012-ல கரண்ட் கட்டால ஓவர்டைம் நின்னுபோச்சு. நீ தெருத்தெருவா போய் பிளவுஸ் ஆர்டர் பிடிச்ச. வீட்லயும் கரண்ட் இருக்காது. மெஷின்ல மோட்டார் பெல்ட்டைக் கழட்டிட்டு, காலால மிதிச்சு, எமர்ஜென்சி லைட்ல தைச்ச. அந்த வருஷம் பசங்க ஃபீஸ் ஒரு டேர்ம்கூட பாக்கி இல்ல. பசங்களா, அது அம்மா தைச்ச காசு. உங்களுக்குத் தெரியணும்.

எங்கம்மா நாலு வருஷம் படுக்கையில இருந்தாங்க. 2015 டிசம்பர்ல வீட்டுக்குள்ள தண்ணி ஏறின ராத்திரி நான் கம்பெனியில மாட்டிக்கிட்டேன். போன் எடுக்கல. நீயும் மாடி வீட்டு அக்காவும் எங்கம்மாவை ஒரு போர்வையில படுக்க வெச்சு, ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடிச்சு, மாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்க. மறுநாள் நான் தண்ணியில நடந்து வந்து பார்க்கறேன், அம்மா காய்ஞ்ச புடவையில படுத்திருக்காங்க. தலை சீவி, பின்னல்கூட போட்டிருந்த. அக்கா, நீங்க செஞ்சதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல, உங்களைக் கும்பிடறேன். அன்னிக்கு நான் உன்கிட்ட, ‘அம்மா சாப்பிட்டாங்களா’ன்னு கேட்டேன். ‘நீ சாப்பிட்டியா’ன்னு கேக்கல. அது எனக்கு இன்னும் மனசுல இருக்கு.

25 வருஷமா நீ எனக்கு முன்னாடி எழுந்திருச்ச. வர்ற திங்கக்கிழமையில இருந்து ஃபர்ஸ்ட் ஷிப்ட் அன்னிக்கு நான் என் டிபனைப் பார்த்துக்கறேன். நீ ஆறு மணி வரைக்கும் தூங்கு. உனக்கு நன்றி.”

உரையைப் பிரித்துப் பார்ப்போம்

இந்த உரையில் மனைவியைப் பாராட்டும் குணப்பெயர் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பெல்ட்டைக் கழற்றியது, போர்வையின் முனையைப் பிடித்தது, பின்னல் போட்டது ஆகியவைதான் அந்த வேலையைச் செய்கின்றன. தையல் மெஷினில் மோட்டார் பொருத்தியிருந்தாலும் பெல்ட்டை மாற்றிக் காலால் மிதித்து ஓட்டலாம் என்பது தையல்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு விவரம் போதும், கேட்கும் பெண்களுக்கு அந்த ராத்திரி கண் முன்னால் வந்துவிடும். உங்கள் ஒவ்வொரு சம்பவத்திலும் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சம்பவம் இன்னும் உங்கள் நினைவில் முழுசாகத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். மகளிடமோ தங்கையிடமோ கேட்டுப் பாருங்கள்.

மூன்று சம்பவங்களும் சின்னதிலிருந்து பெரியதாக ஏறுகின்றன. டிபன் பாக்ஸில் சபை லேசாகச் சிரிக்கும், தையலில் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள், வெள்ளத்தில் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். வெள்ளத்தை முதலில் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸுக்கு இறங்கினால் இரண்டுமே வீணாகும். 2015 டிசம்பரின் அந்த மழையை அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் மழையைப் பற்றி விவரிக்காமல் “தண்ணி ஏறின ராத்திரி” என்று மட்டும் சொல்லி வீட்டுக்குள் நடந்ததற்குப் போயிருக்கிறார். சபைக்குத் தெரிந்ததைச் சுருக்கி, தெரியாததை விரிக்க வேண்டும்.

மாடி வீட்டு அக்கா உறவினர் பட்டியலில் இல்லை. அவருக்கான நன்றி சம்பவத்தின் நடுவிலேயே வந்துவிட்டது. ஒருவருடைய உதவி மனைவியின் கதையோடு பின்னியிருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். பிரித்துச் சொன்னால் இரண்டு முறை சொல்ல வேண்டிவரும்.

கடைசியில் உள்ள வாக்குறுதியும் கணக்குப் பார்த்து வைத்ததுதான். “உன்னை ராணி மாதிரி வெச்சுக்கறேன்” என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. காஷ்மீர் கூட்டிப் போவதாகச் சொல்லி நடக்காமல் போனால் உறவினர்கள் வருடக்கணக்கில் விசாரிப்பார்கள். அடுத்த வாரமே தொடங்கக்கூடியதும், மனைவியின் உடம்புக்கோ நேரத்துக்கோ நிஜமாக உதவுவதுமான ஒன்றைச் சொல்லுங்கள். அப்படி எதுவும் தோன்றாவிட்டால் வாக்குறுதியே வேண்டாம், நன்றியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உரைக்குள் வரக் கூடாதவை சில உண்டு. “25 வருஷ ஆயுள் தண்டனை” போன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணவன் மனைவி ஜோக்குகளை ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். சபை சிரிக்கும், மனைவியும் சிரிப்பது போல இருப்பார். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் நன்றியில் பாதி அவருக்குப் போய்ச் சேராது. மனைவியின் நிறம், எடை, சமையல் தப்பிய நாள் இவற்றையும் தொடாதீர்கள். ஒரு மருமகளை இன்னொரு மருமகளோடு ஒப்பிட்டுப் புகழாதீர்கள். உங்கள் அண்ணியும் தம்பி மனைவியும் அதே ஹாலில் இருக்கிறார்கள்.

அட்டையும் ஒத்திகையும்

முழு உரையையும் தாளில் வைத்துப் படித்தால் தலை குனிந்தே இருக்கும், மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாது. மனப்பாடம் செய்தால் ஒரு வரி மறந்ததும் எல்லாம் நின்றுபோகும். உள்ளங்கை அளவு அட்டைகள் மூன்று வெட்டிக்கொள்ளுங்கள். முதல் அட்டையில் குடும்பத்தார்: மாமா–உழைக்கிற பையன், தங்கச்சி–ஞாயிறு, மச்சான்–காலேஜ். இரண்டாவதில் நாலரை, சாம்பார் தனி, பெல்ட், ஃபீஸ். மூன்றாவதில் போர்வை, அக்கா, பின்னல், சாப்பிட்டியா, திங்கட்கிழமை. கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஹாலில் விளக்கு உங்கள் முகத்தில் அடிக்கும், அட்டையில் அடிக்காது.

மொட்டை மாடியில் நின்றுகொண்டு, வாய்விட்டு, நாளுக்கு ஒரு தடவையாக மூன்று நாள் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை போனில் பதிவு செய்து கேளுங்கள். ஆறு நிமிடத்தைத் தாண்டினால் குடும்பத்தார் பகுதியில் வெட்டுங்கள், மனைவி பகுதியில் வேண்டாம். தொண்டை அடைக்கும் இடம் எதுவென்று ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். அட்டையில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அது நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டிய இடம்.

ஹாலில்

நேரம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. விருந்து 7 மணிக்கு என்று அழைத்தால் 7.30-க்குத்தான் ஹால் நிறையும். முதல் பந்தி போட்டுவிட்டால் பாதிப் பேர் இலையில், பாதிப் பேர் கை கழுவும் இடத்தில். திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் போகிறவர்கள் ரயிலுக்காகச் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்கள். ஆகவே மாலை மாற்றி, பெரியவர்களிடம் ஆசி வாங்கி, கேக் வெட்டியதும் உடனே பேசிவிடுங்கள், 7.45 நல்ல நேரம். பேச்சு முடிந்த பிறகுதான் பந்தி என்று சமையல் கான்ட்ராக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பரிசு கொடுக்க வரிசை அதற்கு முன்பே நிற்கத் தொடங்கிவிடும். மகனை விட்டு அதை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

மினி ஹால்களில் ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் தாழ்வாக இருக்கும். கார்ட்லெஸ் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் கீச்சென்று கூவும். எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே நில்லுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் கூவும். நடுத்தண்டைப் பிடித்து, வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். விருந்தினர் வருவதற்கு முன்பே ஒரு தடவை பேசிப் பார்த்து, பேட்டரி புதிதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனைவியை மேடையில் நாற்காலியில் உட்கார வையுங்கள். நின்றுகொண்டே ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்பது அவருக்குச் சங்கடம். நீங்கள் அவருக்குப் பக்கத்தில், பாதி அவர் பக்கமும் பாதி சபை பக்கமுமாகத் திரும்பி நில்லுங்கள். குடும்பத்தாருக்குச் சொல்லும்போது சபையைப் பாருங்கள். “இப்ப உன்கிட்ட பேசறேன்” என்றதும் முழுசாக அவர் பக்கம் திரும்புங்கள். அதன்பிறகு சபை உங்கள் முதுகைப் பார்த்தாலும் பரவாயில்லை, மைக் இருக்கிறது. போட்டோகிராபர் இரண்டு பேருக்கும் நடுவில் வராமல் பக்கவாட்டிலிருந்து எடுக்கட்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

குரல் உடைந்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள். பேசாமல் நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், அட்டையில் அடுத்த சொல்லைப் பாருங்கள். உங்களுக்குப் பெரிய இடைவெளியாகத் தோன்றுவது சபைக்குச் சில நொடிதான். மூன்று அட்டைகளின் பிரதியையும் முழு உரையையும் மகளிடம் கொடுத்து வையுங்கள். நிஜமாகவே தொடர முடியாமல் போனால் அவர் வந்து நின்று மீதியைப் படிக்கட்டும். “அப்பா எழுதினது” என்று மட்டும் சொல்லித் தொடங்கினால் போதும்.

முடித்ததும் மைக்கை மனைவியிடம் நீட்டுவதற்கு முன்பு ஒரு விஷயம். அவர் பதில் பேச விரும்புகிறாரா என்பதை முந்தின நாளே கேட்டிருக்க வேண்டும். விரும்பினால் அவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் குறுக்கே பேசவோ திருத்தவோ வேண்டாம். “எனக்கு மைக்ல எல்லாம் வராதுங்க” என்று அவர் சொல்லியிருந்தால், சபை எவ்வளவு கைதட்டி வற்புறுத்தினாலும் மைக்கை அவர் கையில் கொடுக்காதீர்கள். “அவங்க பதிலை வீட்ல சொல்லுவாங்க” என்று நீங்களே முடித்து, மகனைக் கூப்பிட்டுப் பந்திக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் அட்டைகளையும் உரையையும் கல்யாண ஆல்பத்துக்குள் வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை ஷிப்டுக்கு அலாரத்தை நாலரைக்கு உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் சொன்ன சொல் அன்று காலையிலிருந்துதான் நடப்புக்கு வருகிறது.